பிறக்காத பேரனுக்கு எழுதிய வீடு

கல்கத்தாவின் பதுரியாகட்டா தாகூர்கள், கவி ரவீந்திரநாத் தாகூர் பிறந்த ஜோராசாங்கோ கிளைக்குப் பங்காளிகள். அந்தப் பதுரியாகட்டா குடும்பத்துப் பிரசன்ன குமார் தாகூர் பெரிய ஜமீன்தார். அரசு வழக்கறிஞராக இருந்து நன்றாகச் சம்பாதித்தவர். அவருக்கு ஒரே மகன், ஞானேந்திர மோகன். 1851இல் மகன் கிறிஸ்தவரானார். பிறகு லண்டன் போய்ப் படித்து பாரிஸ்டரானார். இந்தியர்களில் முதல் பாரிஸ்டர் அவர்தான். மதம் மாறிய மகனைத் தகப்பனார் மன்னிக்கவில்லை. சொத்தில் ஒரு காசுகூட அவனுக்குச் சேரக்கூடாது என்று முடிவு செய்து உயில் எழுதினார்.

வங்காளத்தில் அன்றிருந்த இந்து சட்டப்படி, மகனை விலக்கிவிட்டுப் பிறருக்கு எழுதிவைக்கத் தகப்பனுக்கு அதிகாரம் உண்டு. அவர் அதோடு நின்றிருந்தால் வழக்கே வந்திருக்காது. ஆனால் பிரசன்ன குமார் சட்டம் படித்தவர். ஆங்கிலேயப் பிரபுக் குடும்பங்கள் தங்கள் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக மூத்த ஆண் வாரிசின் கையிலேயே கட்டிவைப்பதை அறிந்தவர். அதே ஏற்பாட்டைத் தன் சொத்துக்கும் செய்யப் பார்த்தார். முதலில் சகோதரர் மகன் ஜதீந்திர மோகன் தாகூருக்கு ஆயுள் உரிமை மட்டும். அவருக்குப் பின் அவருடைய மூத்த மகன். அவனுக்குப் பின் அவன் மூத்த மகன். அந்தக் கிளை அற்றுப்போனால் அடுத்த கிளை. பெண்களுக்கும் பெண்வழிக்கும் இடமில்லை. உயில் எழுதிய நேரத்தில் ஜதீந்திர மோகனுக்கு மகனே இல்லை. பிரசன்ன குமார் 1868இல் இறந்தார்; மகன் வழக்குப் போட்டார்.

1872இல் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. உயில் எழுதியவர் இறக்கும்போது பிறந்தே இராத ஒருவருக்கு இந்து சட்டப்படி சொத்து எழுத முடியாது. அதுபோலவே, இந்து சட்டத்தில் இல்லாத ஒரு புது வாரிசு முறையைத் தனி ஒருவர் தன் விருப்பத்துக்கு உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது. ஜதீந்திர மோகனின் ஆயுள் உரிமை மட்டும் நிற்கும். அதற்குப் பிறகு எழுதிய அத்தனையும் செல்லாது. அப்படியானால் ஜதீந்திர மோகனின் காலத்துக்குப் பின் சொத்து யாருக்கு? எழுதாமல் விட்ட சொத்து யாருக்குப் போகுமோ அவருக்கு, அதாவது சட்டப்படியான வாரிசுக்கு. அந்த வாரிசு யார் என்றால், காசு சேரக்கூடாது என்று தகப்பனார் ஒதுக்கிவைத்த அதே ஞானேந்திர மோகன்.

‘தாகூர் வழக்கு’ என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் நடத்தப்படும் இந்த வழக்கில், சாதாரணக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான்: எட்டாத தூரத்துக்குக் கட்டுப்போட்டால் கட்டு அறுந்துபோவது மட்டுமல்ல, யாருக்குச் சேரக்கூடாது என்று கட்டினோமோ அவரிடமே சொத்து போய்ச் சேரலாம். ஜமீன்களுக்கு மட்டும் வரும் வில்லங்கம் அல்ல இது. கும்பகோணத்தில் ஒரு மாடி வீடும் இரண்டு மா நிலமும் வைத்திருப்பவருக்கும் வரும்.

தாகூர் தீர்ப்புக்குப் பிறகு சட்டம் இரண்டு அடி முன்னே நகர்ந்தது. 1882இல் சொத்து மாற்றச் சட்டம் வந்தது. பிறக்காதவர்களுக்கு இந்துக்கள் எழுதிவைப்பதை அனுமதிக்கும் சட்டம் முதலில் சென்னை மாகாணத்தில் 1914இல் வந்தது. நாட்டின் பிற பகுதிகளுக்கு 1916இல் வந்தது. ஆகவே இன்று பிறக்காத பேரனுக்கு எழுதலாம். ஆனால் இரண்டு வேலிகளுக்குள் நின்று எழுத வேண்டும். செட்டில்மெண்ட் போன்ற பத்திரங்களுக்குச் சொத்து மாற்றச் சட்டத்தின் 13, 14ஆம் பிரிவுகள். உயிலுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 113, 114ஆம் பிரிவுகள். இரண்டிலும் விதி ஏறத்தாழ ஒன்றே. இஸ்லாமியர்களின் தனிச்சட்டத்துக்குச் சொத்து மாற்றச் சட்டத்தின் இந்த அத்தியாயம் கட்டுப்படுத்தாது. அங்கே விதிகள் வேறு.

முதல் வேலி: பிறக்காத ஒருவருக்குக் கொடுப்பதானால், மிச்சமிருக்கும் உரிமை முழுவதையும் கொடுக்க வேண்டும். அவனுக்கும் ‘ஆயுள் வரை மட்டும்’ என்று அரைகுறையாகக் கொடுக்க முடியாது. இரண்டாவது வேலிதான் வக்கீல்கள் ‘பெர்பெச்சுட்டி ரூல்’ என்று சொல்வது. சொத்துரிமை ஒருவர் கையில் நிலையாகச் சேர்வதை எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம் என்பதற்கு அது ஓர் எல்லை வைக்கிறது. பத்திரம் எழுதும் அன்று உயிரோடு இருப்பவரின் ஆயுட்காலம், அதற்குமேல் ஒரு குழந்தை மைனராக இருக்கும் காலம், அதாவது 18 வயது வரை, அவ்வளவுதான். அந்த ஆயுள் முடியும்போது குழந்தை உயிரோடு இருக்க வேண்டும். தாய் வயிற்றிலிருக்கும் சிசுவும் உயிரோடு இருப்பதாகவே கணக்கு.

இந்தச் சிந்தனை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1682இல் நார்ஃபோக் கோமகன் வழக்கில் அங்கே இது வடிவெடுக்கத் தொடங்கி, நாளடைவில் ‘உயிரோடு இருப்பவர் ஆயுள், மேலும் 21 ஆண்டு’ என்று நிலைத்தது. நம் சட்டம் 21ஐ எடுத்துக்கொள்ளாமல் மைனர் வயதை எடுத்துக்கொண்டது. காரணம் எளிது. செத்தவர் போட்ட கட்டு அவிழாமலே இருந்தால், உயிரோடு இருப்பவர் அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ இடித்துக் கட்டவோ யாராலும் முடியாது. இறுதி உரிமையாளர் யாரென்றே தெரியாத சொத்தை எந்த வங்கியும் தொடாது.

இனி ஒரு பத்திரத்தைக் கையிலெடுத்துப் பார்ப்போம். குடும்பம் கற்பனை, ஆனால் வாசகம் நம்மூர்ப் பத்திரங்களில் பார்க்கக் கூடியதுதான். தன் சம்பாத்தியத்தில் வீடு கட்டிய பெரியவர் ஒருவர், மனைவி காலமாகிவிட்டார், ஒரு மகன், இரண்டு மகள்கள். மகள்களுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீடு ஆண்வழியிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. செட்டில்மெண்ட் பத்திரம் இப்படிப் பதிவாகிறது: மகன் தன் ஆயுள் உள்ளவரை வீட்டை அனுபவித்து வர வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமில்லை, அவனுக்குப் பின் அவன் ஆண் சந்ததிகள் தங்கள் ஆயுள்வரை அதேபோல் அனுபவிக்க வேண்டியது, அவர்களுக்குப் பின் அவர்களுடைய ஆண் சந்ததிகள் சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைய வேண்டியது.

மகன் இன்று உயிரோடு இருக்கிறார், ஆயுள் உரிமை செல்லும். அடுத்து வருபவர்கள் பேரன்கள், ஒருவரும் பிறக்கவில்லை. பிறக்காதவர்களுக்கு ஆயுள் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறது பத்திரம். முதல் வேலியிலேயே இடித்துக்கொண்டது. பேரன்களுக்கு எழுதியது செல்லாது. சரி, கொள்ளுப்பேரன்களுக்கு முழு உரிமைதானே கொடுத்திருக்கிறது, அதையாவது காப்பாற்ற முடியாதா? முடியாது. முன்னே உள்ள உரிமை இந்த விதிகளால் விழுந்தால், அதற்குப் பின் வர வேண்டியதும் கூடவே விழும் என்கிறது 16ஆம் பிரிவு.

ஆக, மகனின் ஆயுளுக்குப் பிறகு அந்த வீட்டைப் பெரியவர் யாருக்கும் கொடுக்கவில்லை என்று ஆகிறது. கொடுக்காதது அவரிடமே இருக்கிறது. அவர் வேறு உயில் எழுதாமல் இறந்தால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் இரண்டு மகள்களுக்கும் சம பங்கு. அண்ணனோ தம்பியோ ஆயுள் முழுக்க அந்த வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம்; அவர் கண்ணை மூடியதும் வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு சகோதரிகள் பக்கம். எந்த மகள்களுக்குப் போகக்கூடாது என்று பத்திரம் எழுதினாரோ அவர்களுக்கே. என்னைக் கேட்டால் அந்த முடிவு நியாயமானதுதான். ஆனால் பெரியவர் பதிவு அலுவலகத்தில் கட்டணம் கட்டியது அதற்காக அல்ல.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரியவர் இறந்து, மகன் இன்னும் வீட்டில் குடியிருக்கும்போதே மூத்த மகள் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்த வீட்டுக்குள் உரிமையோடு ஒரு நாளும் குடியேறவில்லை, ஒரு மாத வாடகை வாங்கியதில்லை. அவர் பங்கு போய்விட்டதா? போகாது. அவருடைய பிள்ளைகளுக்கு வரும். தகப்பனார் இறந்த அன்றே பங்கு அவரிடம் சேர்ந்துவிட்டது; கைக்கு வருவதுதான் தள்ளி நின்றது. தாகூர் வழக்கிலும் இதே கதைதான். ஞானேந்திர மோகன் 1890இல் இறந்தார். ஆயுள் உரிமை பெற்ற ஜதீந்திர மோகன் 1908 வரை இருந்தார். காத்திருந்தவர் முந்திப் போனதால் அவருக்குக் கிடைத்த உரிமை அழிந்துவிடுவதில்லை.

வக்கீல்கள் ‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்’ என்பது இதைத்தான். சேர்ந்துவிட்ட உரிமை என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கு என்பது முடிவாகிவிட்டது, எப்படியும் வரப்போகிறது, எப்போது என்பது மட்டுமே பாக்கி. மரணம் என்றைக்கு என்று தெரியாவிட்டாலும் நிச்சயம் வருவது. ஆகவே ‘அப்பாவுக்குப் பிறகு’ என்று எழுதினால் அது காத்திருப்பு மட்டுமே, நிபந்தனை அல்ல. இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது ‘கன்டிஞ்சென்ட் இன்ட்ரஸ்ட்’, நிபந்தனை உரிமை. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்கிற ஒரு சம்பவத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கும். ‘கல்யாணம் செய்துகொண்டால்’, ‘டாக்டர் படிப்பு முடித்தால்’, ‘அப்பா இறக்கும்போது உயிரோடு இருந்தால்’ என்பவை இந்த வகை.

வித்தியாசம் ஏதோ ஏட்டில் உள்ளது என்று நினைக்க வேண்டாம். தாத்தா உயிலில், மகனுக்கு ஆயுள் உரிமையும் அவனுக்குப் பின் இப்போது பத்து வயதாகும் பேரனுக்கு வீடும் என்று எழுதியிருக்கிறார். தாத்தா இறந்த அன்றே பேரனிடம் உரிமை சேர்ந்துவிட்டது. பேரன் வளர்ந்து, கல்யாணமாகி, 27 வயதில் விபத்தில் இறக்கிறான், தகப்பனார் இருக்கிறார். பேரனின் உரிமை அவன் மனைவிக்கும் குழந்தைக்கும் தாய்க்கும் போகிறது. தகப்பனார் காலத்துக்குப் பின் வீட்டில் அவர்கள் நுழையலாம். அதே தாத்தா, ‘மகன் இறக்கும் காலத்தில் பேரன் உயிரோடு இருந்தால் அவனுக்கு’ என்று எழுதியிருந்தால்? பேரன் முந்திவிட்டான், நிபந்தனை நிறைவேறவில்லை, அந்த இளம் விதவைக்கு அந்த வீட்டில் எதுவும் இல்லை.

பேரன் உயிரோடிருந்து கடனாளியாகிறான் என்று வையுங்கள். சேர்ந்துவிட்ட உரிமையைக் கடன் கொடுத்தவர் கோர்ட் மூலம் ஜப்தி செய்யலாம். நிபந்தனை உரிமையைச் செய்ய முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அதை ஜப்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. சில குடும்பங்களுக்கு இதுவே ஒரு பாதுகாப்பு. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எதை எழுதுகிறோம் என்று தெரிந்து எழுத வேண்டும்.

சங்கடம் என்னவென்றால், இரண்டுக்கும் நடுவே வாசகத்தில் நூலிழைதான் இடைவெளி. வாரிசுரிமைச் சட்டமே உதாரணம் கொடுத்து இதை விளக்குகிறது. ஒரு தொகையை ஒருவனுக்கு எழுதிவைத்து, அதை ‘அவனுடைய 18ஆவது வயதில் கொடுக்க வேண்டியது’ என்றால், தொகை அவனுடையது ஆகிவிட்டது. 18 என்பது பட்டுவாடா தேதி. 16 வயதில் அவன் இறந்தாலும் அவன் வாரிசுகளுக்குத் தொகை உண்டு. மாறாக, ‘அவன் 18 வயது அடைந்தால் அவனுக்கு’ என்று எழுதினால், 18 அடைவதுதான் நிபந்தனை. 16இல் இறந்தால் வாரிசுகளுக்கு ஒன்றும் இல்லை. இதிலும் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். 18 வயது வரும்வரை அந்தச் சொத்தின் வருமானத்தை அவனுக்கே கொடுக்க வேண்டும் அல்லது அவன் படிப்புக்கும் பராமரிப்புக்கும் செலவிட வேண்டும் என்று உயில் சொன்னால், உரிமை நிபந்தனைக்கு உட்பட்டதாகக் கருதப்படாது. வருமானம் அவனுக்கு என்றால் முதலும் அவனுக்குத்தான் என்று எழுதியவர் நினைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஊகம்.

கைக்கு வருவது தள்ளிப்போகிறது என்பதாலோ, முன்னால் இன்னொருவருக்கு ஆயுள் உரிமை இருக்கிறது என்பதாலோ மட்டும் ஓர் உரிமையை நிபந்தனை உரிமை என்று கொள்ளக்கூடாது என்று 19ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. பிறக்காதவனுக்கு எழுதியது செல்லுமானால், அவன் பிறந்த கணமே அது அவனிடம் சேரும். பத்திரத்தில் வேறு எண்ணம் தெரிந்தால் மட்டும் மாறும். அனுபவம் பிறகு வரட்டும்.

இப்போது பெர்பெச்சுட்டி விதிக்கே திரும்பினால், அது ஏன் எளிதில் புரியவில்லை என்பது விளங்கும். அந்த விதி அனுபவத்தைப் பற்றியதே அல்ல. உரிமை சேரும் நாளைப் பற்றியது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உரிமைமேல் அதற்குப் புகாரில்லை. இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் நிபந்தனை உரிமை எல்லைக்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பதே அதன் கட்டளை. வயது நிபந்தனையில்தான் ஜனங்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ‘18 வயதில் பையனுக்கு என்ன புத்தி இருக்கும்? 25 ஆகட்டும்’ என்று எல்லாத் தாத்தாவும் நினைப்பார். நினைப்பில் தவறில்லை.

பெரியவர் உயிலில் இப்படி எழுதுகிறார்: வீடு மகனுக்கு ஆயுள் வரை, பிறகு அவன் பிள்ளைகளில் எவன் முதலில் 25 வயது அடைகிறானோ அவனுக்கு. பெரியவர் இறக்கும்போது மகனுக்குப் பிள்ளையில்லை. பிறகு ஒரு பையன் பிறந்து, அவனுக்கு 2 வயதாகும்போது மகன் இறந்துவிட்டால்? பையனின் மைனர் காலம் இன்னும் 16 ஆண்டில் முடியும். 25 வயதாக 23 ஆண்டு வேண்டும். எல்லை ஏழு ஆண்டு மீறிப்போகிறது. எனவே அந்த ஏற்பாடு செல்லாது. நடந்ததைப் பார்த்துச் சட்டம் தீர்மானிப்பதில்லை. மகன் 80 வயது வரை வாழ்ந்து, அதற்குள் பேரனுக்கு 50 ஆகியிருந்தாலும் உயில் தேறாது. எல்லை மீற ஒரு வழி இருந்தது என்பதே போதும். 25க்குப் பதில் 18 என்று எழுதியிருந்தால் எந்த வகையிலும் எல்லை தாண்டாது, உயில் நின்றிருக்கும்.

இங்கே உயிலுக்கும் செட்டில்மெண்ட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. செட்டில்மெண்ட்டில் ‘உயிரோடு இருப்பவர்’ யார் என்ற கணக்கு பத்திரம் நடைமுறைக்கு வரும் நாளில் எடுக்கப்படும். உயிலில், எழுதியவர் இறக்கும் நாளில். ஆகவே மேலே சொன்ன உயிலில், மகன் தகப்பனாருக்கு முன்பே இறந்து, பேரன்கள் பிறந்து இருந்தால், தகப்பனார் இறக்கும் நாளில் அந்தப் பேரன்கள் எல்லோரும் ‘உயிரோடு இருப்பவர்கள்’. அவர்களில் ஒருவன் 25 அடைவது அவன் ஆயுளுக்குள்தானே நடக்கும்? அப்போது 25 என்ற நிபந்தனையும் செல்லும். எழுதிய அன்று பழுதாகத் தெரிந்த உயில், இறந்த அன்று தேறிவிடுகிறது.

இந்த விதிக்கு ஆட்படாத ஏற்பாடுகளும் உண்டு. மதம், கல்வி, ஆரோக்கியம் முதலிய பொது நன்மைக்கான தர்மத்தை என்றென்றைக்கும் என்று எழுதிவைக்கலாம். 18ஆம் பிரிவு அதை விலக்குகிறது. கோயில் கட்டளைகள் தலைமுறை கடந்து நிற்பது இதனால்தான். பிரசன்ன குமாரின் அதே உயிலில் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குச் சட்டப் பேராசிரியர் பதவி ஒன்றுக்குப் பணம் வைத்திருந்தார். அதுதான் ‘தாகூர் சட்டச் சொற்பொழிவுகள்’ என்ற பெயரில் நிலைத்தது. குடும்பத்துக்குப் போட்ட கட்டு அறுந்தது, பொதுக் காரியத்துக்கு வைத்தது நின்றது. நிலத்தை விற்றால் உனக்கே முதலில் சொல்வேன் என்பது போன்ற ஒப்பந்தங்களையும் இந்த விதி தொடாது என்று உச்ச நீதிமன்றம் 1966இல் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தம் நிலத்தில் உரிமை எதையும் உண்டாக்கவில்லை என்பது காரணம்.

பத்திரத்தில் வரும் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ என்ற வரியைப் பார்த்துச் சிலர் பேரன், கொள்ளுப்பேரனுக்குத் தனியாகப் பங்கு எழுதியிருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். அப்படி அல்ல. வாங்குபவருக்கு முழு உரிமை, அவர் விற்கலாம், தானம் செய்யலாம், அவர் வாரிசுகளுக்கும் போகும் என்பதே அதன் பொருள். அதை எழுதிவிட்டு அடுத்த பத்தியில் ‘ஆனால் யாருக்கும் விற்கக்கூடாது’ என்று சேர்த்தால், முழு உரிமை நிற்கும். விற்கக்கூடாது என்ற முழுத் தடை 10ஆம் பிரிவின்படி செல்லாது.

பீரோவில் பழைய உயிலோ செட்டில்மெண்ட் பத்திரமோ இருந்தால் எடுத்துப் படியுங்கள். ‘ஆயுள் வரை’ என்ற சொல் இரண்டு தலைமுறைக்கு வருகிறதா, ‘25 வயது ஆனால்’ என்று பிறக்காதவர்களுக்கு நிபந்தனை இருக்கிறதா, பெயர் சொல்லாமல் ‘சந்ததிகள்’ என்று விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிவில் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். எழுதியவர் தெளிந்த புத்தியோடு இருக்கும்வரை உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பதிவாகி ஏற்றுக்கொள்ளப்பட்ட செட்டில்மெண்ட்டை, கொடுத்தவர் தன் இஷ்டத்துக்குத் திரும்ப எழுத முடியாது.